முன்னால் ஓடும் குதிரையா, பின்னாலிருந்து வரும் குதிரையா?

ரேஸ் அட்டையைப் படிக்கப் பழகியவர்கள் பலரும் கடைசியில் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரு குதிரை போன ரேஸில் கேட் திறந்ததிலிருந்து முன்னாலேயே ஓடி ஜெயித்திருக்கிறது. இன்னொன்று கடைசி 200 மீட்டரில் ஆறு குதிரைகளைத் தாண்டி வந்து ஜெயித்திருக்கிறது. சுமக்கும் எடை, தூரம், ஜாக்கி எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பது?

இந்தக் கேள்விக்குக் குதிரைகளை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. இன்றைய ரேஸின் ஆரம்ப வேகம் எப்படி இருக்கும் என்பதை முதலில் கணிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எந்தக் குதிரையின் பாணி அதற்குப் பொருந்துகிறது என்று பார்க்கலாம்.

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி ரேஸின் இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். 2002-இல் வார் எம்பளம் என்ற குதிரை முன்னால் போனது. முதல் கால் மைல் 23.25 விநாடி, அரை மைல் 47.04 விநாடி. டெர்பிக்கு இது நிதானமான வேகம். யாரும் அதைப் பலமாக நெருக்கவில்லை. ஒன்றுக்கு 20 என்ற விலையில், அதாவது ஒரு ரூபாய் கட்டினால் 20 ரூபாய் லாபம் தரும் விலையில், நான்கு லெங்த், அதாவது நான்கு குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. 2022-இல் அதே தூரத்தில் முதல் கால் மைல் 21.78 விநாடியில் போனது, டெர்பி வரலாற்றிலேயே மிக வேகமான தொடக்கம். அரை மைல் 45.36. அந்த வேகத்தில் முன்னால் போன சம்மர் இஸ் டுமாரோ 20 குதிரைகளில் கடைசியாக வந்தது. கிட்டத்தட்ட கடைசியில் ஓடிக்கொண்டிருந்த ரிச் ஸ்ட்ரைக், ஒன்றுக்கு 80 விலையில் ஜெயித்தது.

இரண்டு ரேஸ்களின் மொத்த நேரத்தையும் பாருங்கள். 2002-இல் 2:01.13, 2022-இல் 2:02.61. தரையின் நிலை வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் இதை நேராக ஒப்பிட்டு விடக்கூடாது. ஆனாலும் அரை மைலை ஒன்றரை விநாடிக்கு மேல் வேகமாகக் கடந்த ரேஸ் கிட்டத்தட்ட அதே அளவு மெதுவாக முடிந்திருக்கிறது. முன்னால் செலவழித்த தெம்பு பின்னால் இல்லாமல் போயிற்று.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, முன்னால் போக விரும்பும் குதிரைகள் எத்தனை? இதற்குக் கடைசி நான்கைந்து ரேஸ்களில் ஒவ்வொரு குதிரையும் எத்தனையாவதாக முடித்தது என்பதை மறந்துவிட்டு, ஓட்டத்தின் நடுவே இடங்களைக் குறித்துக்கொள்ளும் முதல் புள்ளியில் எங்கே இருந்தது என்று பாருங்கள். இடத்தின் எண் மட்டும் போதாது, முன்னணியிலிருந்து எத்தனை லெங்த் தள்ளி இருந்தது என்பதும் வேண்டும். ஆறாவதாக, ஆனால் 3 லெங்த் பின்னால் என்பது ஒன்று. ஆறாவதாக, 12 லெங்த் பின்னால் என்பது முற்றிலும் வேறு குதிரை.

இரண்டாவது, அவற்றில் எது உண்மையிலேயே வேகமானது? பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். முன்னால் ஓடும் குதிரைகள் இரண்டு இருந்தால் மோதல் வரும், இரண்டும் களைத்துப் போகும் என்று தலையை எண்ணி முடிவுகட்டி விடுகிறார்கள். முதல் 600 மீட்டரை ஒன்று 34.8 விநாடியிலும் மற்றொன்று 35.4 விநாடியிலும் ஓடக்கூடியவை என்றால் அங்கே மோதலே இல்லை. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகும். 0.6 விநாடி என்றால் 10 மீட்டர், அதாவது நான்கு லெங்த். மெதுவான குதிரையின் ஜாக்கி அதைத் துரத்திக் குதிரையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார், பிடித்து வைத்துக்கொண்டு இரண்டாவதாக ஓடுவார்.

மூன்றாவது, கேட் எண்ணும் முதல் வளைவு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதும். வெளிப்பக்கக் கேட்டிலிருந்து கிளம்பும் குதிரைக்கு வளைவு 400 மீட்டர் தள்ளி இருந்தால் மெதுவாக உள்ளே சாய்ந்து வர நேரம் கிடைக்கும். 150 மீட்டரிலேயே வளைவு வந்தால் ஒன்று அவசரப்பட்டு ஓட வேண்டும், இல்லையென்றால் வளைவு முழுவதும் வெளியே சுற்ற வேண்டும்.

நான்காவது, தரை. மண் தடத்தில் ஆரம்பமே சூடாக இருக்கும், பின்னால் ஓடும் குதிரைகள் முகத்தில் மண் வாங்கும், முன்னால் இருப்பதே பெரிய லாபம். புல்தரையில் பொதுவாக நிதானமாகத் தொடங்கிக் கடைசியில் வேகம் பிடிப்பார்கள்.

கடைசியாக விலை. இதைத் தொடக்கத்திலேயே பார்த்தால் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கணிப்பு முடிந்த பிறகு பார்ப்பதே நல்லது.

| | முன்னால் ஓடுவது | ஒட்டி ஓடுவது | பின்னாலிருந்து வருவது |
|---|---|---|---|
| பொருந்தும் வேகம் | போட்டியில்லாத, நிதானமான தொடக்கம் | சுமாரான வேகம், உறுதியாகக் கணிக்க முடியாத ரேஸ் | மூன்று பேராவது அடித்துக்கொள்ளும் தொடக்கம் |
| மறைந்திருக்கும் செலவு | கேட்டில் தடுக்கினால் கதை முடிந்தது | இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் அபாயம் | வளைவில் சுற்றும் தூரம், வழி கிடைக்காமல் போவது |
| கேட் | உள்பக்கம் நல்லது | நடுவில் இருந்தால் வசதி | அவ்வளவு முக்கியமில்லை |
| விலை | தனியாக முன்னால் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்தால் குறைந்துவிடும் | பெரும்பாலும் நியாயமாக இருக்கும் | போன ரேஸில் பாய்ந்து ஜெயித்திருந்தால் தேவைக்கு மேல் குறையும் |

## முன்னால் ஓடும் குதிரை

இதன் பலம் எளிமைதான். வழியில் யாரும் இல்லை, உள்பக்க வேலியை ஒட்டி மிகக் குறைந்த தூரம் ஓடும், வேகத்தை இதன் ஜாக்கியே தீர்மானிப்பார். அவர் முதல் 600 மீட்டரில் வேகத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்தால் பின்னால் இருப்பவர்கள் அந்த இடைவெளியைக் கடைசி நேர்கோட்டில் மூடவே முடியாது. முன்னால் இருப்பதும் அப்போது இன்னும் தெம்போடு இருக்கும்.

ஆனால் முன்னால் ஓடும் குதிரைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. முன்னால் இருந்தால்தான் ஓடும், இரண்டாவது இடத்துக்கு வந்தாலே மனம் விட்டுவிடும் என்ற ரகம் ஒன்று. முன்னால் போகவும் தெரியும், வேறொன்று வேகமாகப் போனால் அதன் பின்னால் அடங்கி ஓடவும் தெரியும் என்ற ரகம் இன்னொன்று. கண்டுபிடிப்பது சுலபம். முன்னணி கிடைக்காத ரேஸ்களில் அது எத்தனையாவதாக வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி வரிசையில் முடிந்திருந்தால் அது முதல் ரகம்.

முதல் ரகத்தின் பெரிய செலவு கேட்டில் இருக்கிறது. டெர்பியில் அவ்வளவு சொகுசாக ஜெயித்து, பிரீக்னஸ் ரேஸையும் ஜெயித்த அதே வார் எம்பளம் 2002 பெல்மான்ட் ரேஸில் கேட்டிலிருந்து வெளிவரும்போதே தடுக்கி முழங்காலில் சரிந்தது. முன்னணி போயிற்று, எட்டாவதாக வந்தது. பின்னாலிருந்து வரும் குதிரைக்கு அதே தடுமாற்றம் நடந்திருந்தால் இவ்வளவு சேதம் இருந்திருக்காது, அது எப்படியும் பின்னால்தானே ஓடப் போகிறது. ஆகவே முன்னால் ஓடும் குதிரையின் பழைய ரேஸ்களில் ‘தாமதமாகக் கிளம்பியது’ என்ற குறிப்பு இரண்டு இடத்தில் இருந்தால் நான் அதன் விலை இன்னும் கூட வேண்டும் என்று எதிர்பார்ப்பேன்.

இன்னொரு பொறி, தரம். கீழ் வகுப்பில் தாராளமாக முன்னால் ஓடிய குதிரை மேல் வகுப்புக்கு வரும்போது அதே வேகம் மூன்றாவது இடத்துக்குத்தான் போதும். வகுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ‘இது லீட் எடுக்கும்’ என்று எழுதி வைப்பது வீண்.

## ஒட்டி ஓடும் குதிரை

இரண்டாவது முதல் நான்காவது இடம் வரை, முன்னணியிலிருந்து இரண்டு மூன்று லெங்துக்குள் ஓடும் குதிரை. பார்ப்பவர்களுக்கு இதில் கிளர்ச்சி எதுவும் இல்லை. அதனாலேயே இதன் விலை அதிகம் அடிபடுவதில்லை.

இதன் லாபம் என்னவென்றால், கணிப்பு கொஞ்சம் தவறினாலும் இது தாங்கும். முன்னணி மெதுவாகப் போனால் இது பக்கத்திலேயே இருக்கிறது, எட்டிப் பிடிக்கலாம். முன்னணி வேகமாகப் போய் நொறுங்கினால் முதலில் அந்த இடத்துக்கு வருவதும் இதுதான். முன்னால் ஒரு குதிரை காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் ஒட்டி ஓடுவதற்குக் காற்றின் எதிர்ப்பும் குறையும்.

செலவு இரண்டு பக்கமும் உண்டு. முன்னணி மிக நிதானமாகப் போகும்போது ஒட்டி ஓடுபவர் துணிந்து நெருக்க வேண்டும், அப்படி நெருக்கினால் பின்னால் இருப்பவர்களுக்குத்தான் வேலை செய்துகொடுக்கிறார். யார் முதலில் நெருக்குவது என்று இரண்டு ஜாக்கிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் முன்னால் இருப்பது கம்பி நீட்டிவிடும். மறுபக்கம், 2022 டெர்பி மாதிரி அளவு கடந்த வேகத்தில் முன்னணியை நெருங்கி ஒட்டிய குதிரைகளும் சேர்ந்தே அழியும். அன்று அந்த முன்னணியை விரட்டிக்கொண்டு போன மெஸ்ஸியரும் கிரவுன் பிரைடும் முதல் பத்துக்குள் வரவில்லை. அப்படிப்பட்ட ரேஸில் மூன்று லெங்த் பின்னால் என்பதுகூட மிக அருகில்தான்.

## பின்னாலிருந்து வரும் குதிரை

கண்ணுக்கு அழகான ஓட்டம் இதுதான், ஏமாற்றுவதும் இதுதான். கடைசியில் பாய்ந்து வந்த குதிரை வேகத்தைக் கூட்டியது என்று நம் கண் சொல்லும். பல நேரங்களில் அது வேகத்தைக் கூட்டியிருக்காது, மற்றவை நின்றுபோயிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1600 மீட்டரை 96 விநாடியில் ஓடி ஜெயித்த குதிரை ஒன்று, கடைசி 600 மீட்டரை 36.5 விநாடியில் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஓட்டத்தில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 16.67 மீட்டர். கடைசி 600 மீட்டரில் 16.44 மீட்டர். ஆக, பாய்ந்து வந்ததாகத் தெரிந்த இடத்தில் அது தன் சொந்தச் சராசரியைவிட மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது, ஏறக்குறைய 98.6 சதவீதம். முன்னால் போன குதிரை கடைசி 600 மீட்டரை 38 விநாடியில் ஓடியதால்தான் இது பறந்த மாதிரி இருந்தது. அதே குதிரை கடைசி 600 மீட்டரை 35 விநாடியில் முடித்திருந்தால் அது 102.9 சதவீதம். அது நிஜமான பாய்ச்சல், அதுவும் மெதுவாகத் தொடங்கிய ரேஸில். இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்க்காமல் பின்னாலிருந்து வந்த எந்த வெற்றியையும் நான் நம்புவதில்லை. இரண்டாவது வகை வெற்றியாக இருந்தால், குதிரை தனக்குப் பாதகமான வேகத்தில் ஜெயித்திருக்கிறது என்று அர்த்தம். அதை அடுத்த ரேஸில் கவனிக்க வேண்டும்.

ரிச் ஸ்ட்ரைக்கின் அடுத்த ஓட்டம் இதற்கு நல்ல சாட்சி. டெர்பிக்குப் பிறகு அது 2022 பெல்மான்ட் ரேஸில் இறங்கியது. அங்கே முன்னணியில் அப்படி ஒரு வெறி ஓட்டம் இல்லை. எட்டு குதிரைகளில் ஆறாவதாக வந்தது. குதிரை ஒரே மாதத்தில் கெட்டுப்போகவில்லை, அதற்கு வேண்டிய வேகத்தை இந்தத் தடவை யாரும் போட்டுக்கொடுக்கவில்லை.

வளைவில் சுற்றும் செலவையும் சேர்க்க வேண்டும். அரைவட்ட வளைவு ஒன்றில் உள்பக்கக் குதிரையைவிட 3 மீட்டர் வெளியே ஓடினால் அந்த 3 மீட்டரின் 3.14 மடங்கு, அதாவது 9.4 மீட்டர் அதிகம் ஓடுகிறது. ஒரு லெங்த் சுமார் 2.4 மீட்டர் என்று எடுத்தால் இது கிட்டத்தட்ட நான்கு லெங்த். பின்னாலிருந்து வரும் குதிரையின் ஜாக்கிக்கு இரண்டே வழிதான். வெளியே சுற்றி இந்த நான்கு லெங்தைக் கொடுக்கலாம், இல்லையென்றால் உள்ளே காத்திருந்து வழி திறக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். 14 குதிரை ஓடும் ரேஸில் வழி அடிக்கடி திறக்காது.

## ஒரு ரேஸை எடுத்துப் பார்ப்போம்

கற்பனை ரேஸ்தான், ஆனால் அடிக்கடி வரும் அமைப்பு. புல்தரை, 1400 மீட்டர், எட்டு குதிரைகள், முதல் வளைவு 400 மீட்டர் தள்ளி.

எண் 2, கேட் 7. கடைசி நான்கு ரேஸில் மூன்றில் முன்னால் ஓடியது. நான்காவதில் மெதுவாகக் கிளம்பி ஒன்பதாவதாக முடித்தது. முதல் 600 மீட்டர் அதன் நல்ல நேரம் 34.8. எண் 5, கேட் 2. இரண்டு தடவை முன்னால், இரண்டு தடவை ஒரு லெங்துக்குள் இரண்டாவதாக ஓடியது. ஜெயித்த இரண்டும் இரண்டாவதாக ஓடியபோதுதான். முதல் 600 மீட்டர் 35.4. எண் 3, கேட் 4. எப்போதும் மூன்றாவது நான்காவது இடத்தில், மூன்று லெங்துக்குள். எண் 6, கேட் 8. போன ரேஸில் கடைசியிலிருந்து வந்து கைதட்டல் வாங்கியது, இன்று ஃபேவரிட், விலை ஒன்றுக்கு 2. எண் 8-உம் பின்னால் ஓடும் குதிரைதான். மற்ற மூன்றும் நடுவில் சாதாரணமாக ஓடுபவை, தொடக்க வேகத்தைப் பாதிக்காது.

தலை எண்ணினால் முன்னணிக்கு இரண்டு பேர், மோதல் வரும், எண் 6 ஜெயிக்கும். கூட்டம் இப்படித்தான் பேசும். சரி, நேரத்தைப் பார்ப்போம். எண் 2 முதல் 600 மீட்டரில் நான்கு லெங்த் அளவுக்கு வேகமானது. வளைவுக்கு முன் 400 மீட்டர் நேராக இருக்கிறது, கேட் 7-லிருந்தும் உள்ளே வந்துவிடலாம். எண் 5-இன் ஜாக்கிக்கு அதைத் துரத்த எந்தக் காரணமும் இல்லை, அவருடைய குதிரை ஜெயித்ததே பின்னால் அடங்கி ஓடித்தான். ஆகவே எண் 2 தனியாக முன்னால் போகும், முழு வேகம் காட்டத் தேவையில்லாமல் 35.2 அல்லது 35.3 விநாடியில் முதல் 600 மீட்டரைக் கடக்கும். எண் 6 ஜெயித்த போன ரேஸைத் திருப்பிப் பார்த்தால் அங்கே மூன்று குதிரைகள் அடித்துக்கொண்டு 34.3 விநாடியில் போயிருக்கின்றன. ஏறக்குறைய ஒரு விநாடி வித்தியாசம். எண் 6-க்கு இன்று அந்த உதவி கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெவ்வேறு நாளில் எடுத்த 600 மீட்டர் நேரங்களை அப்படியே பக்கத்தில் வைக்கக்கூடாது. ஈரத்தரை, எதிர்க்காற்று, வேலியைத் தள்ளி வைத்த நாள் எல்லாம் நேரத்தை மாற்றும். அதே நாளில் அதே தூரத்தில் நடந்த மற்ற ரேஸ்களைவிட எவ்வளவு வேகம் என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன எண்கள் அப்படித் திருத்தியவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரேஸில் என் தேர்வு எண் 2. அது கேட்டில் தடுக்கினால் முன்னணி எண் 5-க்குப் போகும், அதனால் காப்பாக எண் 5. ஒன்றுக்கு 2 விலை என்றால் எண் 6 மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கும் என்று அந்த விலை சொல்கிறது. இந்த வேகத்தில் அவ்வளவு வாய்ப்பு அதற்கு இல்லை.

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவோம். வளைவு 400 மீட்டருக்குப் பதில் 150 மீட்டரில் வருகிறது. எண் 2 கேட் 7-லிருந்து உள்ளே வர ஆரம்பத்திலேயே தெம்பைக் கொட்ட வேண்டும், கேட் 2-இல் இருக்கும் எண் 5 சும்மா நேராகப் போனாலே அதற்குப் பக்கத்தில் நிற்கும். எண் 2-க்கு இரண்டாவதாக ஓடத் தெரியாது, அதனால் விடாது. இங்கே மோதல் நிஜம். ஆனால் மோதுவது இரண்டு பேர்தான், மூன்று அல்ல. அது முழு ரேஸையும் நொறுக்கிக் கடைசிக் குதிரை வரை வாய்ப்பு கொடுக்கும் அளவுக்குப் போகாது. மூன்று லெங்த் பின்னால், நடுக் கேட்டில், யாருக்கும் கண்ணில் படாமல் ஓடும் எண் 3-க்குத்தான் இந்த அமைப்பு.

இன்னொரு மாற்றம். ரேஸுக்கு அரை மணி நேரம் முன்னால் எண் 2 விலகிவிட்டது. பலர் இதைக் கேட்டதும் எண் 6-க்கு ஒரு எதிரி குறைந்தான் என்று நினைப்பார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. எண் 5 இப்போது உள் கேட்டிலிருந்து எதிர்ப்பே இல்லாத முன்னணிக் குதிரை, முதல் 600 மீட்டரை 36 விநாடியில்கூட இழுக்கலாம். எண் 6-க்கு முன்பிருந்ததைவிட மோசமான ரேஸ் இது.

எண் 6-ஐ எடுக்க வேண்டிய ரேஸ் எது? எண் 2, எண் 5 இரண்டோடும் சேர்ந்து, முதல் 600 மீட்டரை 34.7 அல்லது 34.8 விநாடியில் ஓடக்கூடிய இன்னும் ஒரு முன்னணிக் குதிரை வந்து, அதற்கும் பின்னால் அடங்கி ஓடும் பழக்கம் இல்லாமல் இருந்தால். அப்போதுகூட ஒன்றுக்கு 2 விலையில் வேண்டாம். வளைவில் நான்கு லெங்த் கொடுக்கப் போகும் குதிரைக்கு ஒன்றுக்கு 4 ஆவது கேட்பேன், அது கிடைக்காவிட்டால் அதே பாணியில் ஓடும், யாரும் பேசாத எண் 8-ஐத்தான் பார்ப்பேன்.